கூட்டாண்மைப் பத்திரம் எழுத வழக்கறிஞரைக் காணும் முன்: கையில் இருக்க வேண்டிய விவரக் குறிப்பு

கூட்டுத் தொழில் தொடங்குபவர்கள் வழக்கறிஞரிடம் சென்று பெரும்பாலும் ஒரே வரியில்தான் கேட்கிறார்கள்: “மூன்று பேர் சேர்ந்து தொழில் செய்கிறோம், ஒரு பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.” இந்த ஒரு வரியை வைத்து எழுதப்படும் பத்திரம் எந்தத் தொழிலுக்கும் பொருந்துவது போலத் தோன்றும், ஆனால் அந்த மூவரின் தொழிலுக்கு மட்டும் பொருந்தாது. பெயர், முகவரி, மூலதனத் தொகை, பங்கு விகிதம் ஆகிய இடங்களை மட்டும் மாற்றி நிரப்பிய மாதிரிப் பத்திரம் ஒன்று கையில் இருந்தால், வங்கிக் கணக்கு தொடங்கிவிடலாம், நிறுவனத்துக்குப் பான் எண்ணும் வாங்கிவிடலாம். அது எதையெல்லாம் சொல்லாமல் விட்டது என்பது, பங்குதாரர்களில் ஒருவர் இறந்தாலோ, விலகினாலோ, வராக்கடன் ஒன்று பெரிதாகினாலோதான் தெரியவரும்.

பத்திரம் சொல்லாமல் விட்ட இடம் வெற்றிடமாக நிற்பதில்லை. அங்கே 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தன் விதியைக் கொண்டுவந்து வைக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்று பாராமல் லாபமும் இழப்பும் சமமாகப் பிரியும் என்று அதன் 13ஆவது பிரிவு கூறுகிறது. கடையில் முழுநேரம் உழைக்கும் பங்குதாரருக்கு அந்த உழைப்புக்காகத் தனி ஊதியம் கிடையாது என்பதும், மூலதனத்துக்கு மேல் ஒருவர் நிறுவனத்துக்குக் கொடுத்த முன்பணத்துக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி உண்டு என்பதும் அதே பிரிவில் உள்ளவை. காலவரையறையும் முடிவுறும் முறையும் குறிப்பிடாத கூட்டாண்மையை, எந்தப் பங்குதாரரும் மற்றவர்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தே கலைத்துவிடலாம். ஒருவர் இறந்தால், தொடரும் என்று ஒப்பந்தம் சொல்லாதவரை நிறுவனம் கலைந்துவிடும். ஆகவே வழக்கறிஞரிடம் நாம் உண்மையில் கேட்பது, இந்தப் பொது விதிகளில் எவை நமக்கு ஏற்றவை, எவற்றை மாற்றி எழுத வேண்டும் என்பதைத்தான். அதைச் சொல்ல அவருக்கு நம் தொழிலின் நடப்பு தெரிந்திருக்க வேண்டும்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அடிக்கடி காணக்கூடிய வகையிலான ஒரு கற்பனைத் தொழிலை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். குலசேகரத்தை அடுத்த ஓர் ஊரில் அண்ணன் ஒருவர் தனி உரிமையாளராக ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொள்முதல் செய்து விற்கும் கடை நடத்துகிறார். கடையின் பின்புறம் ஷீட் உலர்த்தும் புகைப்புரையும் சரக்கறையும் இருக்கின்றன. வளைகுடா நாட்டில் வேலை செய்யும் தங்கையின் கணவர் 20 லட்சம் ரூபாய் போட்டு இத்தொழிலில் பங்குதாரராகச் சேர விரும்புகிறார். புகைப்புரையைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் நண்பர் ஒருவரை, பணம் எதுவும் வாங்காமல், உழைப்புக்காகப் பங்குதாரராக்க அண்ணன் விரும்புகிறார். லாபம் நாற்பது, நாற்பது, இருபது என்ற கணக்கில் பிரியும் என்று வாய்மொழியாகப் பேசிவைத்திருக்கிறார்கள். “இடம் நம்முடையது, லைசன்ஸ் இருக்கிறது, மச்சான் பணம் தருகிறார்” என்பதே வழக்கறிஞரிடம் சொல்ல அவர்கள் கொண்டுவந்திருக்கும் விவரம். இந்த மூன்று வாக்கியங்களும் ஆவணங்களோடு ஒட்டிப் பார்க்கும்போது வேறு வடிவம் கொள்கின்றன.

முதலில் இடம். புகைப்புரை நிற்கும் 12 சென்ட் நிலம் தந்தையின் பெயரில் வாங்கப்பட்டது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பட்டா இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது, கடையை நடத்துபவர் என்பதால் அண்ணன் அதைத் தன் இடம் என்று சொல்லிப் பழகிவிட்டார். இக்குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு மகன் மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். அதாவது தாய், அண்ணன், தங்கை மூவருக்கும் ஆளுக்கு நான்கு சென்ட் அளவிலான பங்கு. பழைய திருவிதாங்கூரின் பகுதியான இந்த மாவட்டத்தில், பெண்மக்களின் உரிமையைச் சுருக்கிய 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின் நினைவில் “வரதட்சணை கொடுத்தாயிற்று, பெண்ணுக்குப் பங்கில்லை” என்று பேசும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அச்சட்டம் 1951ஆம் ஆண்டிலிருந்தே செல்லாது, 1925ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்துவிட்டது. இந்துக் குடும்பமாக இருந்தால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். எந்தச் சட்டம் என்பதை வழக்கறிஞர் முடிவு செய்ய அவருக்குத் தேவையானவை மூன்று: தந்தை இறந்த தேதி, உயில் இல்லை என்ற உறுதியான தகவல், வாரிசுகள் அனைவரின் பட்டியல்.

இதனால் பத்திரத்தில் என்ன மாறுகிறது என்றால், நிலத்தை நிறுவனத்தின் சொத்தாகக் கொண்டுவருவதா, நிறுவனம் பயன்படுத்த மட்டும் இடம் கொடுப்பதா என்ற கேள்விக்கு அண்ணன் தனியாக விடை சொல்ல முடியாமல் போகிறது. கூட்டாண்மைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, பங்குதாரர்கள் நிறுவனத்தின் இருப்பில் கொண்டுவந்து சேர்த்த சொத்து நிறுவனத்தின் சொத்தாகிவிடும். அப்படிச் சேர்ந்த சொத்து, நிறுவனம் கலையும்போது முதலில் வெளிக்கடனுக்குப் போகும். பிறகு பங்குதாரர்களின் கணக்குத் தீர்க்கப்படும். கொண்டுவந்தவர் “என் நிலத்தைத் திருப்பிக் கொடு” என்று கேட்க இயலாது. நிலத்தை மூலதனமாகக் கொண்டுவருவதால் வருமான வரியில் மூலதன ஆதாயம் என்ற கேள்வியும் எழும். பங்குதாரர் அல்லாத தாயும் தங்கையும் தங்கள் பங்கை இப்படி இழக்கச் சம்மதிப்பார்களா என்பதை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். என் கருத்தில் இவ்வகைக் குடும்பத் தொழிலுக்கு ஏற்றது, உரிமையாளர்கள் மூவரும் சேர்ந்து நிறுவனத்துக்கு இடத்தை வாடகைக்குக் கொடுத்து, “இந்நிலமும் கட்டடமும் நிறுவனத்தின் சொத்தல்ல” என்று கூட்டாண்மைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதிவைப்பதுதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அது கூட்டாண்மைப் பத்திரத்திலிருந்து தனியான ஆவணமாக அமையும்.

அடுத்தது பணம். “மச்சான் 20 லட்சம் தருகிறார்” என்ற வாக்கியத்தை வங்கிக் கணக்கு அறிக்கையோடு வைத்துப் பார்த்தால், 14 லட்சம் ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளில் சிறிது சிறிதாக அண்ணனின் சொந்தச் சேமிப்புக் கணக்குக்கு வந்திருக்கிறது. 3 லட்சம் விடுப்பில் வந்தபோது கையில் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மீதி 3 லட்சம் இனிமேல்தான் வர வேண்டும். ஏற்கெனவே வந்த 14 லட்சத்தில் ஒரு பகுதி தாயின் மருத்துவச் செலவுக்கும் போயிருக்கிறது. ஆக, கடனாக வந்தது எவ்வளவு, உதவியாகக் கொடுத்தது எவ்வளவு, தொழிலுக்கு என்று வந்தது எவ்வளவு என்பதை மைத்துனரும் அண்ணனும் உட்கார்ந்து பிரித்து எழுதாமல், “இரண்டாம் பங்குதாரரின் மூலதனம் ரூ. 20,00,000” என்று பத்திரத்தில் எழுதினால், அந்த எண்ணுக்குப் பின்னால் சான்று இருக்காது.

பணம் கொடுப்பவர் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் என்பதால் இங்கே இன்னொரு சட்டமும் குறுக்கிடுகிறது. 2019ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மை விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியர் ஓர் இந்தியக் கூட்டாண்மை நிறுவனத்தின் மூலதனத்தில், பணத்தை வெளிநாட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகும் உரிமை இல்லாத அடிப்படையில், முதலீடு செய்யலாம். அப்பணம் வங்கி வழியாக வெளிநாட்டிலிருந்து வந்ததாகவோ அவருடைய என்ஆர்இ, எஃப்சிஎன்ஆர் அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து வந்ததாகவோ இருக்க வேண்டும். கையில் கொடுத்த 3 லட்சம் இந்த வழிக்குள் வராது. ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கு வருமான வரிச் சட்டத்திலும் தடை இருக்கிறது. வெளிநாடு சென்ற பிறகும் ஊரில் இருந்த பழைய சேமிப்புக் கணக்கை மாற்றாமல் அதிலிருந்தே பணம் அனுப்புவோர் நம் மாவட்டத்தில் பலர் உண்டு. அப்படி அனுப்பப்பட்டிருந்தால் அந்தக் கணக்கின் வகையையும் வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த விதிகளில் உள்ள ஒரு நிபந்தனை ரப்பர் தொழிலுக்கு நேராக வந்து தாக்குகிறது. வேளாண்மையிலோ தோட்டப் பயிர்த்தொழிலிலோ மனைத்தொழிலிலோ அச்சு ஊடகத்திலோ ஈடுபடும் நிறுவனத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் இவ்வழியில் முதலீடு செய்யக் கூடாது. கடையில் ஷீட் வாங்கி உலர்த்தித் தரம் பிரித்து விற்பது வணிகம். ஆனால் அண்ணன் கொள்முதலோடு நிற்பவர் அல்லர், பக்கத்து ஊரில் இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆள் வைத்துப் பால் வெட்டுகிறார். பழைய மாதிரிப் பத்திரம் ஒன்றில் இருந்த “ரப்பர் சாகுபடி, கொள்முதல், விற்பனை மற்றும் பங்குதாரர்கள் அவ்வப்போது முடிவு செய்யும் பிற தொழில்கள்” என்ற தொழில்நோக்கப் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டால், மைத்துனரின் முதலீடு முதல் நாளிலேயே கேள்விக்குரியதாகிவிடும். நிறுவனத்தின் தொழிலைக் கொள்முதல், உலர்த்துதல், தரம் பிரித்தல், விற்பனை என்று வரையறுத்து, தோட்டக் குத்தகையை அண்ணனின் சொந்த அலுவலாக வெளியே வைப்பதே இதற்கு வழி.

அப்படி வெளியே வைத்தவுடன் மற்றொரு கேள்வி பிறக்கிறது. அண்ணன் தன் குத்தகைத் தோட்டத்தின் ஷீட்டைத் தன் நிறுவனத்துக்கே விற்பார் என்றால், வாங்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் அவரே இருக்கிறார். வேறு வியாபாரிக்கு விற்றால், நிறுவனத்தோடு போட்டியிடும் தொழிலில் பெற்ற லாபம் என்று மற்றவர்கள் அவரிடம் கணக்குக் கேட்கக் கூட்டாண்மைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே அவர் தன் தோட்டச் சரக்கை யாருக்கு விற்கலாம், நிறுவனத்துக்கு விற்றால் எந்த விலையில் என்பதைப் பத்திரமே சொல்ல வேண்டும். ரப்பர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் தரவாரி விலையை அடிப்படையாக வைத்து, உள்ளூர்க் கடை விலைக்காக இத்தனை ரூபாய் குறைவாக என்று எழுதினால் பின்னால் வாக்குவாதத்துக்கு இடம் குறையும். மச்சான் பணம் தருகிறார் என்ற வரியிலிருந்து இவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கும் என்பது, குத்தகைத் தோட்டத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தால்தான் வழக்கறிஞருக்குத் தெரியும். கடைக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்து அதைச் சொல்லாமல் விடுவதே வழக்கமாக நடக்கிறது.

அண்ணன் கொண்டுவரும் மூலதனம் எவ்வளவு என்பதும் இதே அளவு கவனம் வேண்டும் இடம். இருப்பில் உள்ள ஐயாயிரம் கிலோ ஷீட்டைக் கிலோ 180 ரூபாய் என்று வைத்து 9 லட்சம், வரவேண்டிய பாக்கி 6 லட்சம், ஆகவே தன் மூலதனம் 15 லட்சம் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்தப் பாக்கியில் ஒன்றரை லட்சம் மூன்று ஆண்டுகளுக்கு முன் விற்ற சரக்குக்கானது. இடையில் பகுதித் தொகையோ எழுத்து மூலமான ஒப்புதலோ இல்லை என்றால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி அதற்காக வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது. வங்கியில் சரக்கை ஈடாகக் காட்டி எடுத்த மிகைப்பற்றில் 5 லட்சம் நிலுவையும் இருக்கிறது. 9 லட்சத்தோடு நாலரை லட்சத்தைக் கூட்டி, 5 லட்சத்தைக் கழித்தால் நிற்பது எட்டரை லட்சம். மைத்துனர் 20 லட்சமும் அண்ணன் எட்டரை லட்சமும் போட்டுச் சமமாக நாற்பது விழுக்காடு பெறுவதில் தவறில்லை, ஏனெனில் அண்ணனின் வாடிக்கையாளர்களுக்கும் பத்தாண்டு நற்பெயருக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பை ஒப்புக்கொண்டுதான் இந்த விகிதம் என்பது மைத்துனருக்குத் தெரிந்து, பத்திரத்திலும் தெரிய வேண்டும். பழைய 5 லட்சம் கடனை நிறுவனம் ஏற்கிறதா, அண்ணனே தீர்ப்பாரா என்பதும் எழுதப்பட வேண்டும். சரக்கு வங்கிக்கு ஈடாக இருப்பதால், வங்கியின் சம்மதம் இல்லாமல் அதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றக் கூடாது.

புகைப்புரையைக் கவனிக்கும் நண்பருக்கு இருபது விழுக்காடு என்பது கேட்க நல்லதாகவே இருக்கிறது. ஆனால் இழப்பைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லாவிட்டால், லாபம் பிரியும் விகிதத்திலேயே இழப்பும் பிரியும் என்று பொதுவாகக் கொள்ளப்படும். வெளியாருக்கு நிறுவனம் பட்ட கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுத்தொகைக்கும் பொறுப்பாவார் என்பது கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு. புகைப்புரையில் தீப்பிடித்து 9 லட்சம் சரக்கு எரிந்து, தீக்காப்பீடு இன்னும் அண்ணனின் தனிப்பெயரிலேயே இருந்து, காப்பீட்டு நிறுவனம் தொகை தர மறுத்தால், சரக்குக் கொடுத்துப் பணம் வராதவர் இந்த நண்பரின் வீட்டின் மீதும் கை வைக்கலாம். அவரை உண்மையிலேயே பங்குதாரராக்க வேண்டுமா, லாபத்தில் பங்கு பெறும் ஊழியராக வைத்தால் போதுமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்பது அவருக்குச் செய்யும் நியாயம். லாபத்தில் பங்கு பெறுவதால் மட்டுமே ஒருவர் பங்குதாரர் ஆகிவிடுவதில்லை என்று சட்டமே சொல்வதால், இந்த இரண்டாவது வழி அடைபட்டதல்ல. ஆனால் பங்குதாரராக்கினால், பங்குதாரர்களுக்குள் அவருடைய இழப்புப் பொறுப்பை மற்ற இருவரும் ஏற்றுக்கொள்வதாக எழுதினாலும், வெளியாருக்கு எதிராக அந்த ஏற்பாடு அவரைக் காப்பாற்றாது.

ஊதியம் தரும் பத்தி வருமான வரிக்காகவும் கவனமாக எழுதப்பட வேண்டும். தொழிலில் நேரடியாக உழைக்கும் பங்குதாரருக்குத் தரும் ஊதியத்தை நிறுவனத்தின் செலவாகக் காட்ட, அத்தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ பத்திரத்தில் இருக்க வேண்டும். “பங்குதாரர்கள் பின்னர் முடிவு செய்யும் ஊதியம்” என்ற சொற்றொடர் போதாது. மூலதனத்துக்கான வட்டியில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வரைதான் செலவாக ஏற்கப்படும். வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர் உழைக்கும் பங்குதாரர் அல்லர் என்பதால் அவருக்கு ஊதியம் எழுதுவதில் பயனில்லை.

இவ்வளவையும் வழக்கறிஞரின் மேசை முன் அமர்ந்து வாய்மொழியாகச் சொன்னால் பாதி விடுபடும். அதனால் சந்திப்பு நாளுக்கு முன்பே, இரண்டு பக்கத்துக்கு மிகாத ஒரு குறிப்பை எழுதி, ஆவணங்களின் நகல்களோடு அனுப்புவது நல்லது. அக்குறிப்பில், ஆவணத்தால் காட்டக்கூடிய செய்தி, எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஆவணம் இல்லாத செய்தி, இன்னும் முடிவு செய்யப்படாத செய்தி ஆகிய மூன்றையும் கலந்துவிடாமல் பிரித்து வைத்தால், வழக்கறிஞரின் நேரம் எங்கே செலவாக வேண்டுமோ அங்கே செலவாகும். மேலே சொன்ன குடும்பம் எழுதக்கூடிய குறிப்பு ஏறக்குறைய இப்படி அமையும்:

“மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு, வணக்கம். குலசேகரம் பகுதியில் நான் தனி உரிமையாளராக நடத்திவரும் ரப்பர் ஷீட் கடையை, என் தங்கையின் கணவரையும் புகைப்புரையைக் கவனிக்கும் நண்பரையும் சேர்த்துக் கூட்டாண்மை நிறுவனமாக மாற்ற விரும்புகிறோம். இதற்கான பத்திரத்தைத் தாங்கள் வரைந்து தர வேண்டும் என்றும், வரையும் முன் கீழ்க்கண்டவை குறித்து ஆலோசனை தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

எங்களிடம் ஆவணம் உள்ளவை: என் பெயரில் உள்ள ரப்பர் வாரிய வணிகர் உரிமம், சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவுச் சான்று, கடந்த மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு, மிகைப்பற்று அனுமதிக் கடிதம், தீக்காப்பீட்டுப் பத்திரம், தந்தையின் கிரயப் பத்திரத்தின் நகல், அவர் பெயரில் உள்ள பட்டா, இறப்புச் சான்றிதழ், மைத்துனரிடமிருந்து பணம் வந்ததைக் காட்டும் என் வங்கிக் கணக்கு அறிக்கை. அசல் கிரயப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழும் வில்லங்கச் சான்றும் இனிமேல்தான் பெற வேண்டும்.

ஆவணம் இல்லாதவை: மைத்துனர் ரொக்கமாகக் கொடுத்த 3 லட்சம். லாபப் பங்கு பற்றிய பேச்சு. நான் வாய்மொழியாகக் குத்தகைக்கு எடுத்திருக்கும் இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம். மூன்று ஆண்டுகளைக் கடந்த ஒன்றரை லட்சம் பாக்கி. வந்த 14 லட்சத்தில் மருத்துவச் செலவுக்குப் போன தொகை.

நாங்கள் இன்னும் முடிவு செய்யாதவை: நண்பர் பங்குதாரராக வேண்டுமா என்பது. இழப்பு எப்படிப் பிரியும் என்பது. வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்திட வேண்டும், எவ்வளவு தொகைக்கு மேல் இருவர் சம்மதம் வேண்டும் என்பது. ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அவர் பங்கை எந்த விலையில் கணக்கிட்டு எத்தனை தவணையில் கொடுப்பது என்பது. நிலத்தில் உரிமையுள்ள என் தாயும் தங்கையும் பங்குதாரர்கள் அல்லர். அவர்களுடைய சம்மதம் இன்னும் கேட்கப்படவில்லை. மைத்துனர் டிசம்பரில் மூன்று வாரம் ஊரில் இருப்பார்.”

இக்குறிப்பில் ரொக்கத் தொகையை எழுதத் தயங்குபவர்கள் உண்டு. தொழில்முறையில் தம்மிடம் கூறப்பட்டதை, கட்சிக்காரரின் சம்மதமின்றி வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்று 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம் கூறுகிறது. இனிச் செய்யப்போகும் சட்டவிரோதச் செயலுக்கு உதவி கேட்டுச் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே “இந்த 3 லட்சம் வந்திருக்கிறது, இதை எப்படிச் சரிசெய்வது” என்று கேட்கலாம். “இதை வங்கி வழியாக வந்ததாகக் காட்டி எழுதித் தாருங்கள்” என்று கேட்கக் கூடாது. பத்திரத்தில் அத்தொகையைச் சேர்க்காமல், மைத்துனர் உரிய கணக்கிலிருந்து புதிதாக அனுப்பும் தொகையை மட்டும் மூலதனமாக எழுதுவதே பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனையாக இருக்கும்.

யாருக்காக வழக்கறிஞர் வேலை செய்கிறார் என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அண்ணன் அழைத்துச் சென்று, அண்ணன் கட்டணம் கொடுத்து, மைத்துனர் காணொளி அழைப்பில் தலையசைத்த பத்திரத்தை, நாளைக்குத் தகராறு வந்தால் மைத்துனர் “அவருடைய வக்கீல் எழுதியது” என்றுதான் சொல்வார். ஒரே வழக்கறிஞர் மூவருக்கும் வரைவு தயாரிக்கலாம், ஆனால் வரைவு மூவருக்கும் ஒரே நாளில் அனுப்பப்பட வேண்டும், விலகல், இறப்பு, இழப்பு ஆகிய பத்திகளையாவது மைத்துனரும் நண்பரும் வேறொரு வழக்கறிஞரிடம் காட்டிப் பார்க்க நேரம் கிடைக்க வேண்டும். நிலத்தைப் பொறுத்தவரை தாயின், தங்கையின் நலன் நிறுவனத்தின் நலனுக்கு எதிரே நிற்கிறது. அவர்களுக்கு இந்த வழக்கறிஞரே ஆலோசகராக இருப்பது முறையாகாது என்றே நான் நினைக்கிறேன். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை என்று நீதிமன்றங்கள் அருகருகே இருக்கும் மாவட்டத்தில் இரண்டாவது வழக்கறிஞர் ஒருவரைக் காண்பது கடினமான காரியமும் அல்ல.

முதல் சந்திப்பிலேயே கட்டணத்துக்குள் என்னென்ன அடங்கும் என்றும் கேட்டுவிட வேண்டும். வரைவு மட்டுமா, திருத்தங்களும் சேர்த்தா, நிறுவனப் பதிவுக்கான விண்ணப்பமும் உண்டா, இடத்துக்கான வாடகை ஒப்பந்தம் தனிக் கட்டணமா என்பவை முன்பே பேசப்பட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. முத்திரைத் தாளின் மதிப்பு பத்திரம் எழுதும் நாளில் நடைமுறையில் உள்ள விகிதப்படி இருக்க வேண்டும். பழைய பத்திரத்தைப் பார்த்து அதே மதிப்பில் தாள் வாங்கிவிடக் கூடாது.

கையெழுத்து விஷயத்தில் மைத்துனரின் விடுப்புத் தேதிதான் கால அட்டவணையை நிர்ணயிக்கிறது. அவர் ஊரில் இருக்கும்போதே மூவரும் ஒன்றாகக் கையெழுத்திடுவது எளிது. முடியாவிட்டால் அவர் வெளிநாட்டில் இந்தியத் தூதரக அலுவலரின் முன்னிலையில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டியிருக்கும், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். நிறுவனப் பதிவு விண்ணப்பத்தில் பங்குதாரர்கள் அனைவரும் அல்லது அதற்கெனத் தனியாக அதிகாரம் பெற்ற முகவர்கள் கையெழுத்திட வேண்டும் என்பதால், அந்த அதிகாரத்தையும் அதே பத்திரத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

நிறுவனத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்வது கட்டாயமல்ல. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம் சரக்கு வாங்கிப் பணம் தராத வியாபாரி மீது ஒப்பந்தத்தின் அடிப்படையில் வழக்குத் தொடர முடியாது என்றும், பங்குதாரர் ஒருவர் மற்றவர் மீது பத்திரத்தின் உரிமையைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது என்றும் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆவது பிரிவு தடை விதிக்கிறது. வழக்குப் போட்ட பிறகு பதிவு செய்வதால் அந்தக் குறை நீங்காது. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் ரப்பர் கடைக்கு இது நேரடியாகப் பணத்தைப் பாதிக்கும் விஷயம் என்பதால், மைத்துனர் திரும்பிப் போவதற்கு முன்பே விண்ணப்பம் கொடுக்கப்பட வேண்டும்.

பத்திரம் கையெழுத்தானவுடன் அண்ணனின் பெயரில் இருந்த எதுவும் தானாக நிறுவனத்தின் பெயருக்கு வந்துவிடாது. நிறுவனத்துக்குப் புதிய பான் எண்ணும் புதிய சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் வேண்டும். பழைய பதிவில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவம் வழியாக மாற்றிக்கொள்ளலாம், அதற்குத் தொழில் மாற்றத்தில் கடன்களும் சேர்ந்து மாறுகின்றன என்ற ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதால், 5 லட்சம் மிகைப்பற்றைப் பற்றிய பத்தி இங்கேயும் பேசப்படும். ரப்பர் வாரிய உரிமம் நிறுவனத்தின் பெயரில் வரும் வரை நிறுவனத்தின் பெயரில் கொள்முதல் தொடங்கக் கூடாது. ஆகவே பத்திரத்தில் கூட்டாண்மை தொடங்கும் தேதியை, கையெழுத்திடும் நாளாக வைப்பதா, இந்த உரிமங்களும் வங்கியின் சம்மதமும் காப்பீட்டு மாற்றமும் கைக்கு வரும் நாளாக வைப்பதா என்பதை வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் சேர்த்தே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.